சீன மொழி ரவுட்டரில் வைஃபை பாஸ்வேர்டு மாற்றிய கதை: மூன்றில் எது நம்முடையது?

அவிநாசிக்குப் பக்கத்தில் மாமா பவர் டேபிள் போட்டிருக்கிறார். 16 மெஷின். திருப்பூர் கம்பெனிகளிலிருந்து கட்டிங் பீஸ் வரும், தைத்து அனுப்புவார்கள். அங்கே இருக்கும் வைஃபை ரவுட்டர் சீனாவிலிருந்து வந்தது. மெஷின் கண்காட்சி பார்க்கப் போன ஒரு மெக்கானிக் அங்கேயே வாங்கி வந்து மாமாவுக்குக் கொடுத்தார். சீனாவுக்குள் விற்பதற்கென்று செய்த மாடல் என்பதால் அதன் உள்பக்கம் முழுக்கச் சீன எழுத்துதான். அன்றைக்கு அவரும் கேபிள் லைன்காரரும் சேர்ந்து ஒருவழியாக ஓட வைத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். சோறு போட்டுக்கொண்டே அத்தை ஆரம்பித்தார்கள். "கண்ணு, நெட்டு என்னமோ இழுத்துட்டே கெடக்குது. மாமா ஈ-வே பில் போடறதுக்குள்ள டெம்போக்காரர் ரெண்டு தரம் டீ குடிச்சுட்டு வந்தர்றார்." காரணம் மாமாவுக்கே தெரியும். பாஸ்வேர்டு எட்டு எண். வேலையை விட்டு நின்றவர்களுக்கும் பக்கத்து ரூம் பசங்களுக்கும் டெம்போ ஓட்டுநருக்கும் அது மனப்பாடம். "அதை மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போயிரு சாமி. ஆனா இருக்கற நெட்டு நின்னுறக் கூடாது. நாளைக்குக் காலைல லோடு போகோணும்" என்றார் மாமா.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாஸ்வேர்டை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. படிக்கத் தெரியாத பக்கத்தில் எதையும் கெடுக்காமல் மாற்றுவதற்குத்தான் ஒன்றரை மணி நேரம் ஆனது.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்தால் எல்லாம் புதிதாகிவிடும் என்று மாமாவின் பையன் சொன்னான். வீட்டு ரவுட்டராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். இங்கே அது கூடாது. இந்தக் கேபிள் இணைப்பு PPPoE வகை. அதாவது லைன்காரர் கொடுத்த ஒரு பயனர் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ரவுட்டர் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் அவற்றைச் சொல்லித்தான் நெட்டை வாங்குகிறது. ரீசெட் செய்தால் இரண்டும் அழிந்துவிடும். அந்தப் பாஸ்வேர்டு மாமாவிடம் எங்குமே எழுதி இல்லை, ஞாயிற்றுக்கிழமை லைன்காரர் போனை எடுக்க மாட்டார். மறுபடி அமைக்கச் சொல்லி வரும் பக்கங்களும் சீனத்தில்தான் வரும்.

முதலில் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தேன். மாறப்போவது வைஃபை பாஸ்வேர்டு. வைஃபையிலேயே உட்கார்ந்து அதை மாற்றினால் சேமித்த நொடியில் நாமே வெளியே விழுந்துவிடுவோம். தவறாக ஏதாவது டைப் செய்திருந்தால் திரும்ப உள்ளே போய்த் திருத்த வழி இருக்காது. கேபிள் இருந்தால் வைஃபையில் என்ன ஆனாலும் பக்கம் கையில் இருக்கும். ரவுட்டரின் நீல வாய் லைன்காரரின் வயர் வரும் இடம், மற்ற வாய்கள் நம்முடையவை. நிறம் மாடலுக்கு மாடல் மாறும். ஏற்கெனவே வெளியிலிருந்து வரும் வயர் எதில் செருகியிருக்கிறதோ அதை விட்டுவிட்டு வேறொன்றில் செருகினால் போதும்.

ரவுட்டரின் முகவரியை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் `Command Prompt` என்ற கறுப்புத் திரையைத் திறந்து கேட்டால் சொல்லிவிடும்.

```
ipconfig
```

வந்த பதிலில் `Default Gateway` என்ற வரியில் `192.168.1.1` என்று இருந்தது. அதை பிரவுசரில் அடித்ததும் ஒரே ஒரு பெட்டியோடு ஒரு பக்கம் வந்தது. மெக்கானிக் அந்த உள்நுழைவுப் பாஸ்வேர்டை ரவுட்டரின் அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். உள்ளே போய்விட்டேன்.

போனவுடன் பிரவுசர் இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ரவுட்டரின் எல்லாப் பக்கங்களும் ஒரே முகவரியில்தான் இருக்கின்றன. சேமித்து வைத்தால், உள்ளே வேறொரு பக்கத்தில் இருக்கும் வேறொரு பாஸ்வேர்டு பெட்டியிலும் பிரவுசர் இதையே தானாகக் கொண்டுபோய் நிரப்பக்கூடும். பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும், எனவே பழைய புள்ளியா புதிய புள்ளியா என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் சேமி பட்டனைத் தட்டினால் நல்ல பாஸ்வேர்டு போய் இது உட்கார்ந்துகொள்ளும். மொழி தெரிந்த பக்கத்திலும் இது நடக்கும். மொழி தெரியாத பக்கத்தில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

அடுத்து, மொழியையே மாற்ற முடியுமா என்று தேடினேன். இருந்தால் 语言 என்ற சொல்லோ, ஒரு உலக உருண்டைப் படமோ, `English` என்ற எழுத்தோ ஏதாவது மூலையில் இருக்கும். இதில் இல்லை. சீனாவுக்குள் விற்கும் மாடல்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. வெளிநாட்டு மாடலின் மென்பொருளை இதில் ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பொருந்தாததை ஏற்றினால் ரவுட்டர் எழுந்திருக்காமலே போகலாம். நாளைக்கு லோடு போக வேண்டிய இடத்தில் அந்த வேலை வேண்டாம்.

சரி, குரோமின் மொழிபெயர்ப்பைப் போட்டேன். மெனு முழுக்கத் தமிழாகிவிட்டது. உண்மையான ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

மெனுவில் முதலாவதாக 上网设置 என்று இருந்தது, அதற்கு இணைய அமைப்பு என்று தமிழ் வந்தது. அதைத் திறந்தால் ஒரு பெயரும், புள்ளி புள்ளியாக ஒரு பாஸ்வேர்டு பெட்டியும் இருந்தன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா, "அதேதான், நெட் பாஸ்வேர்டு. மாத்து" என்றார். நம் ஊரில் வைஃபை பாஸ்வேர்டுக்கு எல்லோரும் சொல்லும் பெயரே நெட் பாஸ்வேர்டுதானே. மொழிபெயர்ப்பு தவறே செய்யவில்லை. ஆனால் நாம் பேசும் சொல்லும் அந்தப் பக்கம் சொல்லும் பொருளும் வேறு வேறு. அந்தப் பெட்டியில் இருந்தது லைன்காரர் கொடுத்த பாஸ்வேர்டு. அதை மாற்றியிருந்தால் வைஃபை பழையபடியே எல்லோருக்கும் திறந்திருக்கும், நெட் மட்டும் அந்த நிமிடமே நின்றுபோயிருக்கும்.

ஆகவே மொழிபெயர்ப்பை அணைத்துவிட்டு, மூலச் சொற்களையே பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் பாஸ்வேர்டு என்ற சொல் எப்போதும் 密码 என்ற இரண்டு எழுத்துதான். அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகள்தான் யாருடைய பாஸ்வேர்டு என்று சொல்கின்றன. நாம் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி என்கிற மாதிரியேதான். தலைச்சொல் கடைசியில் வரும், அடைமொழி முன்னால் வரும். தமிழ்க் காதுக்கு இந்த வரிசை பழக்கமானது. இந்த ரவுட்டரில் மூன்று சாவிகள் இருந்தன.

முதலாவது 宽带密码. 宽 என்றால் அகலம், 带 என்றால் பட்டை. அகலப் பட்டை என்றால் பிராட்பேண்ட். இது லைன்காரருடைய சாவி, தொடக் கூடாது. இரண்டாவது 登录密码, சில மாடல்களில் 管理员密码 என்று இருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழையும் சாவி அது. மூன்றாவது 无线密码. 无 என்றால் இல்லை. 线?

இந்த எழுத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நல்ல விஷயம் நடந்தது. விட்டுப்போன பீஸை எடுக்க வந்த ஓவர்லாக் அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மெஷின்ல நூல் வெட்டற பட்டன்ல இருக்கற எழுத்துங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் மெஷினின் பலகையில் 剪线 என்று இருந்தது. நூலை வெட்டு என்று பொருள். மெக்கானிக் விட்டுப்போன கையேட்டிலும் மேல்நூலுக்கு 面线, பாபின் நூலுக்கு 底线 என்று அதே எழுத்து வருகிறது. நூலுக்கும் வயருக்கும் சீனத்தில் ஒரே சொல். ஆக 无线 என்றால் நூல் இல்லாதது, வயர் இல்லாதது, அதாவது வயர்லெஸ். இரண்டு வருடமாக அந்த அக்கா தினமும் நூறு தடவை தட்டும் எழுத்து அது. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாருக்கும் வைஃபை பெட்டி எது என்று சந்தேகமே வரவில்லை. நூல் எழுத்து இருந்தால் நம்முடையது, பட்டை எழுத்து இருந்தால் லைன்காரருடையது.

எழுத்தை மட்டும் நம்பி விடவில்லை. சரியான பெட்டிதானா என்று பார்க்க இன்னும் இரண்டு அடையாளங்களைச் சரிபார்த்தேன்.

முதல் அடையாளம் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் மதிப்பு. எந்தப் பக்கத்தில் நம் போனில் தெரியும் வைஃபை பெயர் அப்படியே ஒரு பெட்டியில் எழுதியிருக்கிறதோ, அதுதான் வைஃபை பக்கம். எந்த மொழியாக இருந்தாலும் நாம் வைத்த பெயர் மாறாது. அதேபோல் லைன்காரர் கொடுத்த பயனர் பெயர் எங்கே இருக்கிறதோ, அது தொடக் கூடாத பக்கம். தொழில்நுட்பச் சுருக்கங்களும் எந்த மொழியிலும் ஆங்கில எழுத்திலேயே நிற்கும். `SSID`, `WPA2-PSK`, `2.4G` என்று தெரிந்தால் வைஃபை. `PPPoE`, `WAN`, `DNS` என்று தெரிந்தால் வெளியே போகும் இணைப்பு. இந்த ஒரு வழியை வைத்தே அரபுப் பக்கத்தையோ கொரியப் பக்கத்தையோகூடப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இரண்டாவது அடையாளம் பக்கத்தின் உள்ளே. பெட்டியின் மேல் சுட்டியை வைத்து வலது பொத்தானை அழுத்தி `Inspect` கொடுத்தால் அதன் நிரல் தெரியும். திரையில் காட்டும் சொல் சீனத்தில் இருந்தாலும், எழுதியவர்கள் பெட்டிக்கு வைக்கும் உள்பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே இப்படி இருந்தது.

```
<input type="password" id="wlanPwd" maxlength="63">
```

`wlan` என்பது வயர்லெஸ், `Pwd` என்பது பாஸ்வேர்டு. அந்த 63-ம் சும்மா இல்லை. `WPA2-PSK` முறையில் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம் என்பது விதி. பெட்டியின் எல்லை 63 என்றால் அது வைஃபை பெட்டி என்பதற்கு இன்னொரு சாட்சி. எல்லா ரவுட்டரிலும் இப்படித் தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் 64 என்று இருக்கும், சிலவற்றில் உள்பெயர்கள் வெறும் எண்களாக இருக்கும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் மதிப்பையும் 密码-க்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதே `Inspect` வேறொரு நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது. லைன்காரர் பக்கத்துக்குப் போய், அந்தப் புள்ளிப் பெட்டியில் `type="password"` என்று இருந்ததை `type="text"` என்று திருத்தினேன். இது நம் பிரவுசரில் தெரியும் விதத்தை மட்டும்தான் மாற்றும், ரவுட்டரில் எதுவும் மாறாது. புள்ளிகள் விலகிப் பாஸ்வேர்டு தெரிந்தது. மாமா அதைப் பயனர் பெயரோடு சேர்த்துக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். நாளைக்கு ரவுட்டரே பழுதானாலும் இனி லைன்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். சில ரவுட்டர்கள் உண்மையான பாஸ்வேர்டை அனுப்பாமல் வெறும் நட்சத்திரக் குறிகளை அனுப்பும், அவற்றில் இந்த வழி உதவாது. எழுதியதும் சேமிக்காமல் பக்கத்தை விட்டு வெளியே வந்தேன்.

சேமிக்காமல் வெளியே வந்தால் பெரும்பாலும் எதுவும் மாறாது. 保存 என்பதுதான் சேமி. அதைத் தட்டும்வரை பெட்டியில் எதை அடித்தாலும் அது நம் திரையோடு சரி. ஆனால் ஆன், ஆஃப் சுவிட்ச் போல வழுக்கும் பட்டன்கள் அப்படியில்லை, சில மாடல்களில் தொட்ட உடனே அமலுக்கு வந்துவிடும். என்னவென்று புரியாத சுவிட்ச் எதையும் தொட வேண்டாம்.

வைஃபை பக்கத்தை அப்படியே போனில் படம் எடுத்து வைத்தேன். போன் கேமராவால் மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு புள்ளியாக இருக்கும்போதே படம் எடுங்கள், எழுத்தாகத் தெரியும்போது வேண்டாம். படத்தில் இருக்கும் எழுத்துகள் மொழிபெயர்க்க வெளியே ஒரு சர்வருக்குப் போகக்கூடும். எனக்குச் சந்தேகம் வந்த சொற்களை மட்டும் சுட்டியால் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, மொழிபெயர்ப்பில் தனியாக ஒட்டிப் பார்த்தேன். அதில் ரகசியம் எதுவும் வெளியே போகாது, சொல்லுக்கான பொருளும் தெளிவாகக் கிடைக்கும்.

இனிதான் மாற்றும் வேலை. வைஃபை பெயரை மாற்றவில்லை. அதற்குக் கீழே பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் `WPA2-PSK` தேர்வாகியிருந்தது. அதையும் தொடவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரியில் ஆங்கில எழுத்தே இல்லை, 不加密 என்று மட்டும் இருந்தது. 加密 என்றால் பூட்டு போடுவது, 不 என்றால் வேண்டாம். தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டே இல்லாத வைஃபை ஆகிவிடும். புதிதாக இருக்கிறதே என்று `WPA3`-க்கு மட்டும் மாற்றுவதும் இங்கே சரிவராது. மாமாவின் கைரேகை வருகைப் பதிவு மெஷின் பழையது. `WPA3` மட்டும் என்றால் அதால் சேர முடியாது, காலையில் ஆள் வந்து நின்றால் வருகை பதியாது.

பாஸ்வேர்டாக மாமா முதலில் பேரன் பெயரோடு ஒரு எண்ணைச் சொன்னார். மொத்தம் ஏழு எழுத்து. 保存 தட்டியதும் பெட்டிக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. வரி சீனம், ஆனால் நடுவில் 8-63 என்ற எண்கள் இருந்தன. அதை வைத்தே புரிந்துகொண்டோம். பிறகு சம்பந்தமில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஒரு எண் வைத்து, 18 எழுத்தில் ஒன்று முடிவு செய்தோம். எல்லாம் சிறிய எழுத்து. ஓ என்ற எழுத்தும் பூஜ்ஜியமும் கலக்காமல் பார்த்துக்கொண்டோம், கைரேகை மெஷினின் குட்டித் திரையில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. லேப்டாப்பில் தமிழ் கீபோர்டு போட்டிருந்தால் இந்த நேரத்தில் மறக்காமல் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். புள்ளிப் பெட்டியில் எந்த எழுத்து விழுகிறது என்று தெரியாது. நான் கண் படத்தைத் தட்டி எழுத்தைத் தெரியவைத்து, மாமாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் சேமித்தேன்.

தட்டியதும் ஒரு சிறு பெட்டி எழுந்து ஏதோ கேட்டது. கேள்வி சீனத்தில், பட்டன்கள் `OK`, `Cancel` என்று ஆங்கிலத்தில். இந்த வகைப் பெட்டியைக் காட்டுவது பிரவுசர், அதனால்தான் பட்டன் நம் பிரவுசரின் மொழியில் வருகிறது. பட்டன் புரிகிறதே என்று தட்டிவிடக் கூடாது. கேள்விதான் முக்கியம். நான் அதில் 恢复 இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய நிலைக்குத் திருப்புவது என்று பொருள். 恢复出厂设置 என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலை, அதாவது ரீசெட். 重启 என்றால் வெறுமனே அணைத்து எழுப்புவது, அது பயமில்லை. பல ரவுட்டர்களில் இந்த இரண்டு பட்டன்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். இந்தக் கேள்வியில் 恢复 இல்லை, 无线 இருந்தது. வைஃபை கொஞ்ச நேரம் துண்டிக்கப்படும் என்கிற எச்சரிக்கை. `OK` கொடுத்தேன்.

அரை நிமிடத்தில் ஷெட்டில் இருந்த எல்லாப் போன்களிலும் வைஃபை போனது. கேபிளில் இருந்த லேப்டாப்பில் நெட் ஓடிக்கொண்டேயிருந்தது. வேலை முடிந்தது என்று மாமா காபி சொன்னார்.

காபி வருவதற்குள் மாமாவின் பையன் வாசலிலிருந்து வந்து, தன் போனில் பழைய பாஸ்வேர்டோடு வைஃபை வேலை செய்கிறது என்றான். எல்லோருக்கும் குழப்பம். அவன் போனைப் பார்த்தேன். அவன் சேர்ந்திருந்தது 5G என்று முடியும் பெயரில். இந்த ரவுட்டர் இரண்டு அலைகளில் வைஃபை தருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. நான் மாற்றியது `2.4G` என்று தலைப்பிட்ட பகுதியை மட்டும். அதே பக்கத்தைக் கீழே உருட்டினால் `5G` என்ற தலைப்பில் அதே மாதிரி இன்னொரு பெட்டி பழைய பாஸ்வேர்டோடு இருந்தது. அதையும் மாற்றினேன். இதற்குப் பிறகுதான் `Ctrl+F` போட்டு 无线密码 என்று தேடிப் பார்த்தேன். இரண்டு இடம் என்று காட்டியது. முதலிலேயே தேடியிருந்தால் எத்தனை பெட்டி என்று தெரிந்திருக்கும். சில ரவுட்டர்களில் 双频合一 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் இரண்டு அலைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பெட்டி. இதில் அது ஆஃப். விருந்தாளிகளுக்கான 访客网络 என்று ஒரு மெனுவும் இருந்தது. திறந்து பார்த்தேன், அணைந்தே இருந்தது. அது ஆனில் இருந்திருந்தால் மூன்றாவது வாசலாகியிருக்கும்.

பூட்டு உண்மையிலேயே போட்டிருக்கிறதா என்று ரவுட்டர் சொல்வதைக் கேட்காமல் லேப்டாப்பிடம் கேட்டேன். கேபிளை எடுத்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டில் வைஃபையில் சேர்ந்து இதைக் கொடுத்தேன்.

```
netsh wlan show interfaces
```

`Authentication` வரியில் `WPA2-Personal` என்றும், `Cipher` வரியில் `CCMP` என்றும் வந்தது. `Open` என்று வந்திருந்தால் அந்தப் பட்டியலில் ஏதோ தவறாக மாறியிருக்கிறது என்று பொருள்.

மிச்சம் இருந்தது உள்நுழைவுச் சாவி. அது மார்க்கரில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி இருந்ததால் அதையும் மாற்றினோம், மறுபடி கேபிளைச் செருகிக்கொண்டு. அதன் பக்கத்தைக் கண்டுபிடிக்க மொழியே வேண்டாம். மூன்று புள்ளிப் பெட்டிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தால் அது அநேகமாக அதுதான். பழையது, புதியது, மறுபடி புதியது. இங்கே 原密码, 新密码, 确认密码 என்று இருந்தன. வைஃபை பக்கத்தில் பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்பது உண்டு, பழையதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த வேலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வைஃபை ஏதாவது கோளாறாகியிருந்தால் தெரிந்த சாவியோடு உள்ளே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சாவியையும் மாற்றினால் எது எதை உடைத்தது என்று தெரியாது. சில ரவுட்டர்களில் வைஃபை பாஸ்வேர்டே உள்நுழைவுப் பாஸ்வேர்டாகவும் இருக்கட்டும் என்று டிக் போடும் கட்டம் ஒன்று வரும். அதில் டிக் இருந்தால் வைஃபை தெரிந்த எல்லோரும் ரவுட்டருக்குள்ளும் போகலாம். 相同 என்று வந்தால் ஒரேமாதிரி என்று பொருள். இந்த ரவுட்டரிலும் அந்தக் கட்டம் இருந்தது, டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தேன்.

அப்புறம் ஒவ்வொரு கருவியாகச் சேர்த்தோம். பெயர் மாறாமல் பாஸ்வேர்டு மட்டும் மாறியதால் சில போன்கள் புதியதைக் கேட்காமல் பழையதையே வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேர்த்தால் கேட்டது. கேமராப் பெட்டி கேபிளில் இருந்ததால் அதற்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிரிண்டர் ஐந்து நிமிடம். கைரேகை மெஷின்தான் இழுத்தது. அதன் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு தடவை அம்புக்குறியைத் தட்ட வேண்டும், 18 எழுத்து. அத்தையே உட்கார்ந்து பொறுமையாக அடித்து முடித்தார்கள்.

மார்க்கர் எழுத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு, ரவுட்டரின் அடியில் ஒரு தாள் ஒட்டினோம். பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லை. 无线密码 என்று எழுதி அதன் பக்கத்தில் 'நூல் எழுத்து, நம்மது, ரெண்டு இடம்' என்றும், 宽带密码 என்று எழுதி 'லைன்காரர்து, தொடாதே' என்றும், 恢复 என்று எழுதி 'இது இருந்தா அமுக்காதே' என்றும் மாமாவின் பையன் எழுதினான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மாமா போன் செய்தார். எல்லோருக்கும் வருகை பதிந்துவிட்டது, ஈ-வே பில் போட்டு லோடு கிளம்பிவிட்டது, டெம்போக்காரர் புதுப் பாஸ்வேர்டு கேட்கிறார் என்றார்.